கடைசி ஓவர் போடுவது எப்படி: ஒரு யார்க்கர், ஒரு ஸ்லோ பால், ஒரே ஃபீல்டு

பெங்களூரில் கடைசி ஓவர் போடுவது சென்னையில் போடுவதைவிடக் கஷ்டம். ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி கொஞ்சம் குறைவு, அதனால் அடித்த பந்து கூடுதல் தூரம் பறக்கும். சின்னசாமி மைதானத்தில் எல்லைக்கோடும் கிட்டத்திலேயே இருக்கிறது. நாம் ஞாயிற்றுக்கிழமை ஆடும் மைதானங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஒரு பக்கம் 50 மீட்டர் இருந்தாலே பெரிய விஷயம். மட்டையின் நடுவில் படாத ஷாட்கூட இங்கே சிக்ஸர் ஆகிவிடும்.

அல்சூர், ஸ்ரீராம்புரம் பக்கம் டென்னிஸ் பந்தில் ஆடிவிட்டு, முதல் முறையாகத் தையல் பந்துக்கு வரும் பையன்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள்: "அண்ணா, என்கிட்ட நாலு ஸ்லோ பால் இருக்கு." நாலு வேண்டாம். வேகமாக ஒரு யார்க்கர், அதே கை வேகத்தில் ஒரு ஸ்லோ பால், இரண்டுக்கும் பொருந்துகிற ஒரு ஃபீல்டு இருந்தால் ஆறு பந்தையும் போட்டுவிடலாம். இந்தக் கட்டுரை அந்த மூன்றைப் பற்றி மட்டும்தான். வலது கை பௌலர் வலது கை பேட்ஸ்மேனுக்குப் போடுவதாக வைத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் பக்கத்தை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஃபீல்டு, பிறகுதான் பந்து

கடைசி ஓவரில் பேட்ஸ்மேன் பந்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஃபீல்டைப் பார்ப்பார். ஃபைன் லெக் வட்டத்துக்குள் இருந்து, தேர்ட் மேன் எல்லையில் இருந்தால், பந்து ஆஃப் பக்கம் வெளியேதான் வரும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும், அதில் தவறில்லை. பந்து எங்கே வரும் என்பதை மறைக்க முயன்றால் உங்களுக்கே குழப்பம் வரும். மறைக்க வேண்டியது எப்போது வரும் என்பதைத்தான்.

பவர்பிளே முடிந்த பிறகு வட்டத்துக்கு வெளியே ஐந்து பேர்தான் நிற்கலாம். புதியவர்களுக்கு நான் சொல்லும் ஃபீல்டு இது: தேர்ட் மேன், டீப் பாயிண்ட், லாங் ஆஃப், லாங் ஆன், டீப் மிட்விக்கெட் ஆகிய ஐந்து பேரும் எல்லையில். ஃபைன் லெக் உள்ளே. மீதி மூன்று பேரைப் பாயிண்ட், கவர், மிட்விக்கெட் பகுதிகளில் வட்டத்தின் விளிம்பில் நிறுத்துங்கள். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போடும் யார்க்கருக்கும் இது பொருந்தும், அதே கோட்டில் போடும் ஸ்லோ பாலுக்கும் பொருந்தும். பந்துக்குப் பந்து யாரையும் நகர்த்த வேண்டியதில்லை.

இந்த ஃபீல்டை வைத்துக்கொண்டு காலைக் குறி வைத்து யார்க்கர் போடக் கூடாது. ஃபைன் லெக் உள்ளே இருக்கும்போது கால் பக்கம் பந்து கொஞ்சம் தவறினாலும், லேசாகத் தட்டிவிட்டால் பவுண்டரி. அப்படி விட்ட பிறகு, ஃபீல்டர் இல்லையே என்று கேப்டனைப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

இன்னொன்று. இந்த ஊரில் கேப்டனும் பௌலரும் தமிழில் பேசிக்கொண்டால் எதிரணிக்குப் புரியாது என்று சிலர் நினைக்கிறார்கள். "மச்சான், அடுத்தது ஸ்லோவா போடு" என்று மிட் ஆஃபிலிருந்து கத்தினால், பேட்ஸ்மேன் கன்னடக்காரராக இருந்தாலும் அவருக்கு விஷயம் போய்விடும். பக்கத்தில் போய்ப் பேசுங்கள்.

யார்க்கர்: கோட்டைப் பார்க்காதீர்கள், ஷூவைப் பாருங்கள்

பாப்பிங் கிரீஸ் கோட்டில் பந்து விழுந்தால் யார்க்கர் என்று நினைத்துக்கொண்டு பயிற்சி செய்கிறவர்கள் அதிகம். அந்தக் கோடு ஸ்டம்பிலிருந்து 4 அடி, அதாவது 1.22 மீட்டர் முன்னால் இருக்கிறது. பேட்ஸ்மேன் கோட்டின் மேல் நின்றால் அந்தக் கணக்கு சரி. ஆனால் கடைசி ஓவர்களில் நன்றாக ஆடுகிறவர் யாரும் அங்கே நிற்பதில்லை. பின்னால் போய், ஸ்டம்புக்கு ஒட்டி நிற்பார்கள். அப்போது கோட்டில் விழும் பந்து அவருக்கு யார்க்கரே இல்லை. விழுந்து எழும்பி மட்டைக்கு நேராக வரும் அரை வாலி அது. எந்த மைதானத்திலும் சிக்ஸர்.

அதனால் பந்து விழும் நீளத்துக்குக் குறி எப்போதும் அவருடைய முன்கால் ஷூவின் நுனி; பக்கம் மட்டும் மேலே சொன்னபடி ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே. அவர் பின்னால் போனால் உங்கள் குறியும் பின்னால் போக வேண்டும். ரன்அப் தொடங்கும் இடத்தில் திரும்பி நின்றதும், அவருடைய பின்கால் எங்கே இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள். போன பந்துக்கு நின்ற இடத்திலேயே நிற்கிறாரா, ஒரு காலடி உள்ளே போய்விட்டாரா? இந்த ஒரு பார்வையை விட்டுவிடுவதால்தான் சரியாகப் போட்டோமே என்று நினைக்கிற யார்க்கர் தலைக்கு மேலே பறக்கிறது.

பயிற்சியில் பழைய ஷூ ஒன்றை வைத்துப் போடுவது எல்லோரும் செய்வதுதான். அதில் ஒரு மாற்றம் செய்யுங்கள். நண்பர் ஒருவரை நிறுத்தி, நீங்கள் ஓடத் தொடங்கிய பிறகு அந்த ஷூவைக் கோட்டிலிருந்து ஸ்டம்பு பக்கமாகவோ, முன்னாலோ நகர்த்தச் சொல்லுங்கள். நகரும் குறியை ஓடிக்கொண்டே பார்க்கப் பழகினால் போதும், மீதி தானாக வரும். இதை நெட்ஸ் ஆரம்பத்தில் செய்யாதீர்கள். மூச்சு வாங்கும் நேரத்தில், கடைசியில் செய்யுங்கள். மேட்சிலும் அந்த ஓவர் கடைசியில்தான் வரும்.

தவறும்போது எந்தப் பக்கம் தவறுகிறது என்று கவனியுங்கள். ஃபுல் டாஸாகவே போய்க்கொண்டிருந்தால் பந்தைச் சீக்கிரம் விடுகிறீர்கள். நெருக்கடியில் உடம்பு முன்னால் சாயாமல் நிமிர்ந்துவிட்டால் இப்படி ஆகும். குறைந்து விழுந்தால் பந்தைக் கையில் அதிக நேரம் வைத்திருக்கிறீர்கள். இரண்டில் ஒன்று தவறித்தான் ஆகும் என்றால் முழங்காலுக்குக் கீழே வரும் ஃபுல் டாஸையே நான் தேர்ந்தெடுப்பேன். அதைத் தூக்கி அடிப்பது அரை வாலியை அடிப்பதைவிடக் கடினம். இடுப்புக்கு மேலே போனால் மட்டும் நோ பால், கூடவே ஃப்ரீ ஹிட்.

சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டிலிருந்து வந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். 2020 நவம்பர் 6 அன்று அபுதாபியில் நடந்த ஐபிஎல் எலிமினேட்டரில், 56 ரன்னில் நிலைத்து நின்ற பெங்களூர் அணியின் ஏபி டிவில்லியர்ஸை யார்க்கரில் போல்டாக்கினார். பெங்களூரில் இருக்கும் தமிழர்கள் அன்றைக்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் இருந்தோம். அந்தப் பந்தை மறுபடி பார்த்தால் ஒன்று புரியும். அதில் தந்திரம் எதுவும் கிடையாது. வேகமாக, நேராக, காலடியில் விழுந்த பந்து, அவ்வளவுதான். அப்படி ஒன்று உங்களிடம் இருக்கிறது என்று பேட்ஸ்மேன் நம்பினால்தான் ஸ்லோ பாலுக்கு மதிப்பு.

ஸ்லோ பால்: பந்துதான் மெதுவாக, கை இல்லை

மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையிலிருந்து மட்டைக்கு வரப் பந்து அரை நொடிக்குக் கொஞ்சம் அதிகமாக எடுக்கும். அதே பந்து 95 கி.மீ. வேகத்தில் வந்தால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நொடி. இடையில் இருக்கும் அந்தச் சிறு இடைவெளியில் பேட்ஸ்மேன் மட்டையை வீசி முடித்துவிடுவார். வேகம் 5, 6 கி.மீ. மட்டும் குறைந்தால் அது ஸ்லோ பால் இல்லை, அடிக்க வசதியான பந்து. குறைந்தது 20 கி.மீ.யாவது குறைய வேண்டும்.

எதைக் கற்றுக்கொள்வது? புதியவர்களுக்கு நான் ஆஃப் கட்டரைத்தான் சொல்வேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சற்று விலகி, ஆள்காட்டி விரல் தையலின் மேல் இருக்கட்டும். விடும் நேரத்தில் கதவுக் குமிழை வலப்புறம் திருகுவது போல ஆள்காட்டி விரலால் பந்தின் வலது பக்கத்தை இழுத்து இறக்க வேண்டும். பந்துக்குப் பின்னால் இருக்க வேண்டிய விரல்கள் பக்கவாட்டில் வழுக்கிவிடுவதால்தான் வேகம் குறைகிறது. கையைச் சுழற்றும் வேகத்தில் ஒரு துளிகூடக் குறைக்கக் கூடாது. காய்ந்த பிட்சில் அது பேட்ஸ்மேனை நோக்கிக் கொஞ்சம் திரும்பவும் செய்யும்.

நக்கிள் பால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் விரலை மடக்கிப் பிடிக்க நேரமாகும், ஓடிவரும்போதே தெரிந்துவிடும். கையின் பின்புறம் பேட்ஸ்மேனைப் பார்க்கும்படி திருப்பி விடும் பந்து இருப்பதிலேயே ஏமாற்றக் கூடியது, கட்டுப்படுத்துவதும் மிகவும் கடினம். அது ஒரு வருட வேலை. லெக் கட்டரை மெதுவாகப் போட்டுப் பெயர் வாங்கிய வெங்கடேஷ் பிரசாத் இந்த ஊர்க்காரர்தான். அதையும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, ஆஃப் கட்டர் கைக்கு வந்ததும் எல்லோருக்கும் வரும் பிரச்சினை ஒன்று இருக்கிறது. பந்து குறைந்து விழுந்து, இடுப்பு உயரத்துக்கு எழும்பி, அடியுங்கள் என்று சொல்வது போல நிற்கும். காரணம் எளிது. மெதுவாகப் போகும் பந்து காற்றில் அதிக நேரம் இருக்கிறது, அதிகம் கீழே இறங்குகிறது. யார்க்கரை விட்ட அதே கோணத்தில் ஸ்லோ பாலையும் விட்டால், மேலே சொன்ன வேகங்களில் அது சுமார் மூன்று மீட்டர் முன்னாலேயே தரையைத் தொட்டுவிடும். அதனால் ஸ்லோ பாலை ஒரு கணம் முன்னதாக, கொஞ்சம் உயரமாக விட வேண்டும். யார்க்கருக்குக் கண் ஷூவில் இருந்தால், ஸ்லோ பாலுக்குக் கண் பேட்ஸ்மேனின் தொடைக்குப் போகட்டும். முதலில் சில பந்துகள் தலைக்கு மேலே போகும். நெட்ஸில் போனால் போகட்டும்.

காட்டிக்கொடுக்கும் விஷயங்களையும் பார்த்துவிடலாம். உங்களை மொபைலில் இரண்டு பக்கத்திலிருந்து படம் எடுக்கச் சொல்லுங்கள்: பேட்ஸ்மேன் நிற்கும் இடத்திலிருந்து ஒன்று, நான்-ஸ்ட்ரைக்கர் நிற்கும் இடத்திலிருந்து ஒன்று. இரண்டாவதுதான் முக்கியம். டென்னிஸ் பந்து ஆட்டங்களில் நான்-ஸ்ட்ரைக்கர் உங்கள் விரலைப் பார்த்துவிட்டு, மட்டையைத் தரையில் தட்டி எதிரே இருப்பவருக்குச் சைகை காட்டுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஓடிவரும்போது பந்தை இடது கையால் மூடிக்கொள்ளுங்கள். எல்லாப் பந்துக்கும் மூடுங்கள், ஸ்லோ பாலுக்கு மட்டும் மூடினால் அதுவே சைகை. படத்தில் இன்னொன்றும் தெரியும்: பலர் ஸ்லோ பாலுக்கு ஓட்டத்தின் கடைசி நான்கு காலடியில் வேகத்தைக் குறைப்பார்கள். அவர்களுக்கே அது தெரிந்திருக்காது.

பார்த்துப் படிக்க ஒரு ஓவர்

2024 மே 18, சின்னசாமி மைதானம். சென்னை ரசிகர்களுக்குக் கசப்பான ராத்திரி, ஆனால் பௌலருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. பெங்களூர் அணி 218 எடுத்திருந்தது. சென்னை ஜெயிக்காவிட்டாலும் 201 எடுத்தால் பிளே ஆஃபுக்குப் போய்விடும் என்ற கணக்கு. கடைசி ஓவரில் அதற்கு 17 ரன் வேண்டும். பந்து யஷ் தயாள் கையில், எதிரே தோனி. முந்தின வருடம் இதே தயாளைத்தான் அகமதாபாத்தில் ரிங்கு சிங் கடைசி ஓவரில் தொடர்ந்து ஐந்து சிக்ஸர் அடித்திருந்தார்.

முதல் பந்து கால் பக்கம் ஃபுல்லாகப் போனது. தோனி அதை ஃபைன் லெக் பக்கம் தூக்கி மைதானத்துக்கு வெளியே அனுப்பினார். இனி 5 பந்தில் 11. இந்த இடத்தில் பெரும்பாலான பௌலர்கள் இன்னும் வேகமாக இன்னொரு யார்க்கருக்குப் போவார்கள். தவறியதைச் சரி செய்ய வேண்டும் என்ற வீம்பு. தயாள் கையின் பின்புறத்திலிருந்து மெதுவான பந்து போட்டார். தோனியின் மட்டை முன்னதாகவே வந்துவிட்டது. பந்து உயரமாகப் போய் லெக் பக்கம் எல்லைக்கோட்டருகே ஸ்வப்னில் சிங் கையில் விழுந்தது.

ஏன் எடுபட்டது? சிக்ஸர் போன பந்து வேகமானது. அடித்தவரின் உடம்பு அந்த வேகத்துக்குப் பழகியிருந்தது. அதாவது தவறிய யார்க்கரே அடுத்த பந்துக்கு வழி செய்து கொடுத்தது. இரண்டாவது காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. பந்து வெளியே போனதால் மாற்றுப் பந்து கொடுத்தார்கள். அன்றைக்கு மழை வந்து போயிருந்ததால் பழைய பந்து ஈரமாக இருந்தது. காய்ந்த பந்து கிடைத்ததும் பிடிப்பு வந்தது என்று பிறகு தினேஷ் கார்த்திக்கே சொன்னார்.

அடுத்து ஷர்துல் தாக்கூருக்கு ஒரு டாட், ஒரு சிங்கிள். கடைசி இரண்டு பந்தில் 10 வேண்டும், எதிரே ஜடேஜா. அந்த இன்னிங்ஸில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தவர். அவருக்கு இரண்டு பந்தும் மெதுவாகவே போட்டார். இரண்டையும் ஜடேஜா மட்டையில் தொடவில்லை.

ஸ்லோ பாலை அடுத்தடுத்துப் போடக் கூடாது என்று சொல்வார்களே, அது பாதி உண்மைதான். இரண்டு பந்தில் ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் கட்டாயம் வேண்டும் என்ற நிலையில் இருப்பவர் முழு வீச்சில் சுற்றியே ஆக வேண்டும். காத்திருந்து அடிக்க அவருக்கு வசதியில்லை. அப்படிப்பட்டவருக்கு மெதுவான பந்தைத் திரும்பப் போடலாம். மாறாக, 6 பந்தில் 7 ரன் போதும் என்றால் அவர் நிதானமாகக் காத்திருந்து இடைவெளியில் தட்டுவார், அங்கே இரண்டாவது ஸ்லோ பால் வீண். எவ்வளவு ரன் தேவை என்பதைப் பார்த்துத்தான் வரிசையை முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் ஓவர்

6 பந்தில் 14 வேண்டும், செட்டான பேட்ஸ்மேன், மேலே சொன்ன ஃபீல்டு. முதல் பந்து ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே, வைடு கோட்டுக்குள், முழு வேகத்தில் யார்க்கர். டீப் பாயிண்டுக்கு ஒரு ரன் போனாலும் கவலையில்லை. இந்தப் பந்து ரன்னைக் குறைப்பதற்கு மட்டும் அல்ல, உங்கள் வேகம் என்ன என்று அவர்கள் மனதில் பதிய வைப்பதற்கும்தான். ஸ்ட்ரைக் மாறினால் இரண்டாவது பந்தும் அதேதான். புதிதாக எதிரே வந்தவருக்கு இன்னும் உங்கள் வேகம் பதியவில்லை.

மூன்றாவது பந்தில்தான் ஆஃப் கட்டர், அதே கோட்டில். ஆனால் அதற்கு முன் அவரைப் பாருங்கள். முன்காலை லெக் பக்கம் ஒதுக்கி இடம் பண்ணிக்கொண்டு நிற்கிறார் என்றால் பெரிய வீச்சுக்குத் தயாராகிவிட்டார், கட்டர் போடுங்கள். ஆஃப் பக்கம் நகர்ந்து வைடு யார்க்கரைத் துரத்தி வருகிறார் என்றாலும் போடலாம், இன்னும் கொஞ்சம் வெளியே. அசையாமல் ஆழமாக நின்று கடைசி வரை பார்க்கிறார் என்றால் கட்டரை அடுத்த பந்துக்குத் தள்ளிவிட்டு இன்னொரு யார்க்கர் போடுங்கள்.

கட்டரில் அவர் தடுமாறினால் அடுத்த பந்து என்ன? அவர் இப்போது காத்திருப்பார், எடையைப் பின்காலில் வைப்பார். அதற்குப் பதில் வேகமான யார்க்கர். மட்டை தாமதமாக இறங்கும். கட்டரையே சிக்ஸர் அடித்துவிட்டாலும் அதே பதில்தான். மெதுவான பந்து இனி வராது என்று அவர் நினைக்கத் தொடங்கியதும், ஐந்தாவது அல்லது ஆறாவது பந்தில் அது திரும்ப வரலாம்.

திட்டத்தைக் கைவிட வேண்டிய நேரம் ஒன்றுதான்: பனி இறங்கி பந்து நனைந்துவிட்டால். டிசம்பர், ஜனவரி மாதங்களில் விளக்கு வெளிச்சத்தில் ஆடும்போது இது கட்டாயம் நடக்கும். ஈரப் பந்தில் கட்டர் பிட்சில் பிடிக்காது, வழுக்கி நேராக வரும். கையின் பின்புறத்திலிருந்து விடும் பந்து நழுவி நெஞ்சு உயரத்துக்குப் போய்விடும், அது நோ பாலோடு நிற்காது, ஆளுக்கும் அடிபடும். நெட்ஸில் வாரம் ஒரு நாள் பந்தை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்துப் போட்டுப் பாருங்கள். பத்துப் பந்தில் ஆறு கட்டராவது நினைத்த இடத்தில் விழவில்லை என்றால், பனி இருக்கும் ராத்திரியில் ஆறு பந்தும் யார்க்கருக்கே போங்கள். ஃபைன் லெக் அப்போதும் உள்ளேதான், கோடு அப்போதும் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியேதான். துண்டை மட்டும் பன்னிரண்டாவது ஆளிடம் விடாமல் கவரில் நிற்பவர் இடுப்பில் செருகி வைக்கச் சொல்லுங்கள். அம்பயரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் போதும்.